இந்தப் பசு எந்த இனம்? தரகர் அனுப்பிய நான்கு படங்கள்

லயத்துக்கொட்டில்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடுகள் கட்டக்கூடிய கொட்டில் வைத்திருக்கிறேன். பழைய பசு வற்றிவிட்டதால் வேறொன்று வாங்க எண்ணியிருந்த வேளையில், ஒரு தரகர் நான்கு படங்களை அனுப்பி, இது சாஹிவால் கலப்பு, இரண்டாம் ஈற்று, காலையும் மாலையுமாக எட்டு லீற்றர் கறக்கும் என்று எழுதியிருக்கிறார். விலையையும் சாஹிவாலுக்கு உரியதாகவே சொல்கிறார்.

படங்களைத் திறக்க முடியாதவர்களுக்காக அவற்றை எழுத்தில் தருகிறேன். முதலாவதில் பசு பக்கவாட்டில் நின்று, தலையைக் குனிந்து வாளியில் புண்ணாக்குத் தண்ணீர் குடிக்கிறது. நல்ல செவலை நிறம், தோளுக்கு மேல் ஒரு மேடு தெரிகிறது. இரண்டாவது முகத்துக்கு மிக அருகில் எடுக்கப்பட்டது. கொம்புகள் குட்டையாகவும் அடிப்பகுதி தடித்தும் இருக்கின்றன. மூன்றாவதில் கொட்டில் கதவுக்கு முன்னால் முழு உடலுடன் நிற்கிறது, பெரிய மாடாகவே தோன்றுகிறது. நான்காவது நீலத் தறப்பாளின் கீழ் எடுத்தது, அதில் நிறம் சாம்பல் கலந்தாற்போல் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன், சாஹிவால் என்பதை இந்தப் படங்களைக் கொண்டு ஏற்கலாமா என்பதே என் கேள்வி.

கொம்புசீவி

ஏற்கலாம், அண்ணா. ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் கிடையாது, இதற்குத் திமில் இருக்கிறது. சாஹிவாலின் நிறம் செவலை, இதுவும் செவலை. சாஹிவாலின் கொம்பு குட்டை, இதற்கும் குட்டை. மூன்றும் பொருந்தும்போது வேறென்ன வேண்டும்? ஹட்டனில் என் மாமாவின் பட்டியில் இருக்கும் ஜேர்சிப் பசுவுக்குத் தோளிலிருந்து வால் வரை முதுகு பலகை போல் இருக்கும், அதோடு இதை ஒப்பிட்டாலே வேறுபாடு விளங்கும்.

பழைய போதனாசிரியர்

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி கொம்புசீவி சொன்னதில் பாதி சரி. ஐரோப்பிய இனங்களுக்குத் திமில் இல்லை என்பது உண்மை. ஆனால் முதற் படத்தில் தெரிவது திமில்தானா என்பதை முதலில் கேட்க வேண்டும். மாடு தலையைத் தரைவரை குனியும்போது கழுத்து கீழிறங்க, தோட்பட்டைகளுக்கு இடையிலுள்ள முள்ளெலும்புகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மெலிந்த மாட்டில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். திமிலற்ற ஜேர்சியைக்கூட வாளிக்குக் குனிய வைத்துப் பக்கவாட்டில் படமெடுத்தால் சிறு திமில் போன்ற மேட்டைக் காட்டிவிடலாம்.

உண்மையான திமில் தசையும் கொழுப்பும் சேர்ந்த தனித்த கட்டி. அதன் முன்புறத்திலும் பின்புறத்திலும் ஒரு பள்ளம் இருக்கும், நடக்கும்போது சற்று அசையும். எலும்பு மேடோ கூர்மையாகத் தொடங்கி முதுகோடு மெல்லச் சரிந்துவிடும். ஆகவே மாடு தலையை முதுகின் மட்டத்துக்கு வைத்து நிற்கும் ஒரு பக்கப் படம் இல்லாமல் திமிலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இன்னொன்று, திமிலின் அளவு ஆணா பெண்ணா என்பதையும் வயதையும் பொறுத்தும் அதிகம் மாறும். சாஹிவால் நாம்பனின் திமிலைப் பார்த்துப் பழகிய கண், சாஹிவால் பசுவின் திமிலைக் கண்டு இதுவா என்று ஏமாறும், ஏனெனில் பசுவில் அது சிறியதுதான். நமது நாட்டு மாட்டுப் பசுவுக்கும் சிறியதுதான். அத்தோடு ஐரோப்பிய இரத்தம் ஒரு தலைமுறை கலந்தாலே திமில் பாதிக்கு மேல் அமுங்கிவிடும். மலைநாட்டில் நாம் காணும் பெரும்பாலான பசுக்கள் அந்தக் கலப்புகளே. எனவே திமில் இருக்கிறது என்றால், இந்த உடலில் எங்கோ திமிலுள்ள மாட்டின் பங்கு உண்டு என்பது மட்டும்தான் உறுதி. அந்தப் பங்கு சாஹிவாலிலிருந்து வந்ததா, நமது நாட்டு மாட்டிலிருந்து வந்ததா என்பதைத் திமில் சொல்லாது.

பதுளை ராஜி

இந்த இழையில் என் கதையையும் சேர்த்துக் கேட்கலாமா, ஐயா? எங்கள் சிவப்பு நாட்டுப் பசுவுக்குச் செயற்கை முறைச் சினையூட்டலில் ஃபிரீசியன் என்று சொல்லி ஊசி போட்டார்கள். பிறந்த கிடாரிக் கன்று நெற்றியில் ஒரு சுட்டியையும் வயிற்றடியில் சிறிது வெள்ளையையும் தவிர முழுக்கக் கறுப்பு. கறுப்பு வெள்ளைத் திட்டுகளே இல்லை. வேறெதையோ போட்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, மூன்று மாதமாக அந்த ஊசிக்காரரோடு நான் பேசுவதில்லை. முதுகும் நேராக இருக்கிறது, திமிலும் இல்லை.

பழைய போதனாசிரியர்

பேசுங்கள், மகளே. அவர் பொய் சொல்லவில்லை. கறுப்பு நிறம் சிவப்பை மூடிவிடும், முழுநிறம் திட்டு நிறத்தை மூடிவிடும். தாய் ஒரே நிறமுள்ள நாட்டுப் பசுவாகவும் தந்தை கறுப்பு வெள்ளை ஃபிரீசியனாகவும் இருந்தால், முதற் கன்று பெரும்பாலும் நீங்கள் சொன்ன மாதிரித்தான், அதாவது கறுப்பாக, வயிற்றடியிலும் நெற்றியிலும் மட்டும் சிறு வெள்ளையோடு வரும். அந்தக் கிடாரிக்கு மறுபடியும் ஃபிரீசியன் போட்டால், பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதிக்குத் திட்டுகள் தெரியும். திட்டு இருந்தால் ஃபிரீசியன், இல்லையென்றால் இல்லை என்று எண்ணுவதால்தான், படத்தைப் பார்த்து நிறத்தால் இனம் சொல்பவர்கள் முக்கால்வாசி நேரம் தவறுகிறார்கள். திமிலைப் பொறுத்தவரை, கன்றில் அதைத் தேட வேண்டாம். எந்த மாட்டுக் கன்றுக்கும் முதல் மாதங்களில் திமில் பெரிதாகத் தெரியாது.

பண்டாரவளை பசுமை

விற்பனைக்குப் படமெடுப்பதானால் ஒரு யோசனை சொல்கிறேன். காலையில் குளிப்பாட்டிவிட்டு, ஒரு துணியில் சிறிது தேங்காயெண்ணெய் தோய்த்து உடல் முழுக்கத் துடைத்துவிடுங்கள். கபில நிற மாடு செக்கச்செவேலென்று பளபளக்கும். பின்நேர வெயிலில் எடுத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும், விலையும் ஐந்தாறாயிரம் கூடும்.

லயத்துக்கொட்டில்

நான் விற்கவில்லை ஐயா, வாங்கப் போகிறவன். ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்ததும் முதற் படத்தை மறுபடியும் பார்த்தேன். பசுவின் விலாவில் ஈரம் போல ஒரு மினுக்கம் இருக்கிறது.

நிழற்படப் பெட்டி

அந்த மினுக்கம் எண்ணெயோ தண்ணீரோ, எதுவாக இருந்தாலும் நிறத்தை ஆழமாக்கும். நான் கண்டியில் கல்யாணப் படமெடுப்பவள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெளிச்சத்தைப் பற்றித் தெரியும். நான்காம் படத்தில் நீலத் தறப்பாள் மேலிருந்து வரும் வெளிச்சத்தை நீலமாக்குவதால் செவலை சாம்பலாகிறது, முதற் படத்தில் மாலை வெயில் அதையே செம்மையாக்குகிறது. இரண்டில் எதுவும் உண்மை நிறம் அல்ல. மூன்றாம் படத்தில் பசுவின் காலருகே ஒரு வெள்ளை உரச் சாக்கு கிடக்கிறது. அந்தச் சாக்கு வெள்ளையாகத் தெரியும்வரை கைப்பேசியில் நிறத்தைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தால், பசு இளம் கபில நிறம், முன்னங்கால்களும் கழுத்தும் சற்று இருண்டவை.

உயரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். தகரக் கதவு ஆறடி என்று எடுத்துக்கொள்வோம். அது படத்தில் 600 புள்ளி உயரம், பசுவின் தோள் 430 புள்ளி. நேராகக் கணக்கிட்டால் நாலடி மூன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் கூட வருகிறது, அதாவது 131 சென்றிமீற்றர். பெரிய மாடு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பசு கதவோடு ஒட்டி நிற்கவில்லை. அதன் நிழல் விழும் விதத்தைப் பார்த்தால் படமெடுத்தவரிடமிருந்து பசு ஏறத்தாழ 12 அடியிலும் கதவு 15 அடியிலும் இருக்கின்றன. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் 12-ஐ 15-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். அப்போது மூன்றடி ஐந்து அங்குலம், அதாவது 105 சென்றிமீற்றர். தூரங்கள் என் கண் மதிப்பு என்பதால் இரண்டொரு அங்குலம் பிசகலாம்.

இரண்டாம் படத்தைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசியை முகத்துக்கு ஒன்றரை அடியில் வைத்து எடுத்தால் மூக்கும் கொம்பும் வீங்கி, உடல் சிறுத்துப் போகும். அந்தக் கொம்பின் தடிப்பைப் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பழைய போதனாசிரியர்

மாட்டைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு, மாட்டுக்காரர்கள் செய்யாத வேலையைச் செய்துவிட்டீர்கள். 105 சென்றிமீற்றர் என்பது நமது நாட்டு மாட்டுப் பசுவின் வட்டாரத்து உயரம். சிங்களத்தில் பட்டு ஹரக் என்று சொல்வதும் அதைத்தான், தோள் உயரம் ஒரு மீற்றரை ஒட்டி நிற்கும். முழுச் சாஹிவால் பசு இதைவிட நன்றாக உயரமானது. ஒரு பங்கு சாஹிவால் கலந்திருந்தாலும் இரண்டாம் ஈற்றுப் பசு இவ்வளவு குட்டையாக இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கன்றுப் பருவத்தில் சூட்டுக்கோலால் கொம்பைச் சுட்டால், சரியாகச் சுடாத இடத்திலிருந்து குட்டையாக, அடிதடித்து, கோணலாக ஒரு மிச்சம் வளரும். அதைப் பார்த்துச் சாஹிவால் கொம்பு என்று சொல்வது வழக்கமான தவறு. சாஹிவால் பசுக்களில் கொம்பு மண்டையோடு உறுதியாக ஒட்டாமல் ஆடுவதும் உண்டு. அது நேரில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது.

நீங்கள் நேரில் போவதானால் மூன்று படங்கள் எடுத்து வாருங்கள். தலை முதுகு மட்டத்தில் இருக்கும்படி பக்கவாட்டில் ஒன்று, ஆறடிக்குக் குறையாத தூரத்திலிருந்து முகம் ஒன்று, முன்னங்கால்களுக்கு இடையிலிருந்து வயிற்றடி தெரியும்படி தாழ்ந்து ஒன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சாஹிவாலின் தோல் தளர்ந்தது, அலைதாடி தாடையிலிருந்து தொங்கி, மார்பு வழியாக முன்னங்கால்களுக்கு இடையே ஓடும், தொப்புளிலும் தோல் மடிந்து தொங்கும். ஐரோப்பிய மாட்டில் அலைதாடி சின்னதாகி மார்போடு நின்றுவிடும், தொப்புள் மடிப்பே இராது. திமிலைப் போலவே கலப்பில் அலைதாடியும் குறையும், ஆனால் தொப்புள் மடிப்பின் சுவடு சாஹிவால் பங்கு ஓரளவு உள்ள மாட்டில் எளிதில் மறையாது.

தலவாக்கலைச் சங்கிலி

அலைதாடியைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், நான் பட்ட பாடு வேறொருவர் படக்கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன், பக்கத்துத் தோட்டத்து ஒருவரிடம் படத்தைப் பார்த்து ஒரு பசு வாங்கினேன். மார்புப் பக்கம் அலைதாடி பெரிதாக, வட்டமாகத் தொங்கியது. நல்ல சாஹிவால் என்று எண்ணி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டபோது, விரலால் அழுத்திய இடம் குழியாகி அப்படியே நின்றது. பத்து நாளில் பசு செத்துப்போனது. வைத்தியர் அறுத்துப் பார்த்தபோது இருதயப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த கம்பித்துண்டு இருந்தது, புல்லோடு சேர்ந்து உள்ளே போனது. மார்பில் நின்றது தோல் அல்ல, நீர்.

பழைய போதனாசிரியர்

இதை எழுதியதற்கு நன்றி, தம்பி. படத்தில் வேறுபாடு தெரியும். உண்மையான அலைதாடி மெல்லியது, அதில் நெடுக்காக மடிப்புகள் இருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். நீர் நின்ற தோல் மடிப்பின்றி உருண்டு, மினுக்கமாக, ஒரு பை போலத் தெரியும். தாடைக்குக் கீழே மட்டும் பை தொங்கினால் ஈரல் தட்டைப்புழுவாலோ குடற் புழுக்களாலோ இரத்தம் குறைந்த மாடாக இருக்கலாம். ஈரமான ஓடைக்கரைப் புல்லைத் தின்னும் மலைநாட்டு மாடுகளில் அதையும் பார்த்திருக்கிறேன். இனம் பார்க்கப் போய் நோயைக் கண்டுபிடிப்பதும் படத்தால் ஆகும்.

கொம்புசீவி

ஐயா சொன்னபடி பார்த்தால் என் முதல் பதிவில் ஒன்றுமே நிற்கவில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம். ஹட்டன் மாடு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்கிறார்கள். தோட்டத்துத் துரைமார் காலத்திலிருந்து மலைநாட்டில் இருக்கும் வகையாம். இந்தப் பசு அதுவாக இருக்கலாம் அல்லவா?

பழைய போதனாசிரியர்

ஹட்டன் மாடு, கேப் மாடு என்ற பெயர்கள் நமது நாட்டுக் கால்நடை நூல்களில் உள்ளன, ஐரோப்பியச் சாயல் கொண்ட மலைநாட்டு மாட்டுக்கூட்டத்தைக் குறிக்கும் பெயர்கள் அவை. ஆனால் இன்றைக்கு ஒரு படத்தைப் பார்த்து, இது அந்தப் பழைய கூட்டம், இது நேற்றைய ஜேர்சி ஊசி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்பவரையும் நான் நம்புவதில்லை.

தலவாக்கலைச் சங்கிலி

அதை நான் ஏற்கமாட்டேன், ஐயா. எங்கள் தாத்தா வைத்திருந்த மாடுகள் சின்னதாக, உடம்பு அடக்கமாக, ஒரே சாயலில் இருந்தன. ஊசி மாட்டில் அந்த அடக்கம் இல்லை. பெயர் எதுவானாலும், கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லயத்துக்கொட்டில்

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். தையல்காரி அக்காவின் அளவு நாடாவையும் கொண்டுபோனேன். தோள் உயரம் 42 அரை அங்குலம், அதாவது 108 சென்றிமீற்றர். நிழற்படப் பெட்டியின் கணக்குக்கு ஓர் அங்குலம் மட்டுமே கூடுதல். கதவு ஆறடி என்பதும் சரி.

தலை நிமிர்ந்து நின்றபோது தோளில் இரண்டு விரல் உயரத்தில் ஒரு மேடு மிஞ்சியது, தொட்டால் சதையாக இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் பள்ளம் உண்டு. அலைதாடி மெல்லியது, மடிப்புள்ளது, முன்னங்கால்களுக்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. தொப்புளில் தோல் மடிப்பு இல்லை. கொம்பின் மேல்முனை கருகிய தழும்போடு இருக்கிறது, ஆடவில்லை. முகத்தில் கண்களுக்கு இடையே உள்வாங்கிய பள்ளம் இருக்கிறது, கண்கள் புடைத்திருக்கின்றன. கறுத்த மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று இருக்கிறது. வாலின் மயிர்க்குஞ்சம் கறுப்பு. படங்களை மேலே இணைத்துள்ளேன். தரகரிடம் சினையூட்டல் சீட்டைக் கேட்டேன், அது முதல் உரிமையாளரிடம் தொலைந்துவிட்டதாம்.

பழைய போதனாசிரியர்

இனி என் கருத்தைச் சொல்கிறேன். உள்வாங்கிய முகம், புடைத்த கண், மூக்கைச் சுற்றிய வெள்ளை வளையம், கறுத்த வால்குஞ்சம் ஆகியவை எல்லாம் ஜேர்சியின் பக்கம் நிற்கின்றன. இரண்டு விரல் திமில் நாட்டு மாட்டின் மிச்சம். தொப்புள் மடிப்பு இல்லாததும் 108 சென்றிமீற்றர் உயரமும் சாஹிவாலுக்கு எதிரானவை. ஆகவே நாட்டுப் பசுவுக்கு ஜேர்சி போட்ட முதற் கலப்பு, அல்லது அதற்கு அடுத்த தலைமுறை என்று நினைக்கிறேன். சாஹிவால் விலை கொடுக்க வேண்டாம். எட்டு லீற்றரை நம்ப வேண்டுமானால், ஒரு நாள் இரு வேளையும் உங்கள் கண்முன் கறக்கச் சொல்லி அளவுபாத்திரத்தில் பாருங்கள்.

நிழற்படப் பெட்டி

வெளியாளாக ஒரு கேள்வி. அந்த வெள்ளை வளையம் ஜேர்சிக்கு மட்டும்தான் வருமா? எங்கள் வீட்டருகே நிற்கும் கபில நிற நாட்டுப் பசுவின் மூக்கிலும் அப்படி ஒரு வெளிறிய கோட்டைப் பார்த்த நினைவு.

பழைய போதனாசிரியர்

சரியான கேள்வி. கபில நிற நாட்டு மாடுகளிலும் மூக்கருகே வெளிறல் வரும், அதனால் வளையத்தை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். என் முடிவு முகத்தின் பள்ளத்தில்தான் நிற்கிறது, நாட்டு மாட்டின் நெற்றி பெரும்பாலும் நேராகவோ சற்றுப் புடைத்தோ இருக்கும். ஆனால் அந்தப் பள்ளமும் கண்ணால் காணும் மதிப்பீடுதான். இன்னொருவர் பார்த்தால் முழு நாட்டு மாடு என்றும் வாதாடலாம், மறுக்க என்னிடம் சீட்டு இல்லை.

பதுளை ராஜி

ஊசிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கன்றுக்கு அடுத்த முறை என்ன போடுவது என்று அவர் சொன்னதை நான் தனி இழையில் கேட்கிறேன்.

லயத்துக்கொட்டில்

இன்று இரு வேளையும் நேரில் கறக்கச் சொல்லிப் பார்த்தேன். காலையில் மூன்றே கால் லீற்றர், மாலையில் இரண்டு. தரகர் கன்று குடித்துவிட்டது என்கிறார், கன்று காலையிலிருந்து வேறு கொட்டிலில் கட்டியிருந்தது. அவர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டிருக்கிறேன், நாளை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.